நேற்று ஏன் விழவில்லை?

1978 ஏப்ரல் 27, வியாழக்கிழமை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் ஒரு அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள். அடியில் அகன்று, இடுப்பில் சிறுத்து நிற்கும் அந்த ராட்சத கான்கிரீட் கூடுகளை அனல்மின் நிலையங்களின் பக்கத்தில் பலரும் பார்த்திருப்போம். முதல் கோபுரம் எழும்பிவிட்டது. இரண்டாவது கோபுரம் 166 அடி, அதாவது சுமார் 50 மீட்டர் உயரத்தை எட்டியிருந்தது. காலை 10 மணி தாண்டிய சற்று நேரத்தில் அதன் மேல்விளிம்பு ஓரிடத்தில் உள்நோக்கிச் சரிந்தது. சரிவு அங்கிருந்து இரண்டு பக்கமும் ஓடி, விளிம்பைச் சுற்றிக் கட்டியிருந்த சாரம் முழுவதையும் உரித்துக் கீழே தள்ளியது. சாரத்தின் மேல் 51 பேர் இருந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

உயரத்திலிருந்து விழுந்த விபத்துகளில், கட்டுமானத் துறை இன்றும் பாடமாக எடுத்துப் படிப்பது இது. இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் அதற்குக் காரணமில்லை. இதைப் பற்றி எழுதப்பட்ட ஓர் அறிக்கைதான் முக்கியக் காரணம். யாரையும் குற்றம் சாட்டாமல், நடந்தது என்ன, எந்த வரிசையில் நடந்தது, எதனால் நடந்தது என்று மட்டும் கேட்ட அறிக்கை அது. அந்தக் கேள்விகளை எப்படிக் கேட்டார்கள், பதிலை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் வேலை நடந்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தரையிலிருந்து சாரம் கட்டிக்கொண்டு போய் இவ்வளவு உயரமான கூட்டை எழுப்புவது கட்டுப்படியாகாது. அதனால் சாரமும் ஷட்டரிங் பலகைகளும் கூட்டையே பற்றிக்கொண்டு ஏறும்படி அமைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஓர் அடுக்கு, ஒவ்வோர் அடுக்கும் 5 அடி உயரம். இன்றைக்கு வார்த்த அடுக்கு நாளைக்கு இறுகியிருக்கும். பலகையைப் பிரித்து மேலே ஏற்றி, சாரத்தையும் உயர்த்தி, அடுத்த அடுக்கை வார்க்கலாம். கான்கிரீட் வாளிகளை மேலே தூக்குவதற்கு உச்சியில் சுற்றிலும் ஆறு தூக்கிகள் இருந்தன. அந்தத் தூக்கிகளும் அதே சாரத்தின் மேல்தான் நின்றன. சாரத்தின் எடை, ஆட்களின் எடை, தூக்கியின் இழுவை எல்லாம் கடைசியில் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: சமீபத்தில் வார்த்த கான்கிரீட்.

ஏப்ரல் 26 அன்று 28ஆவது அடுக்கை வார்த்தார்கள். 27ஆம் தேதி காலை 29ஆவது அடுக்கு தொடங்கியது. மூன்றாவது வாளி மேலே போய்க்கொண்டிருந்தபோது 4ஆம் எண் தூக்கியின் கம்பி தளர்ந்ததையும், தூக்கி கோபுரத்தின் உட்பக்கமாகச் சாய்ந்ததையும் தரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோருக்கு மனம் ஒரு பெயரைத் தேடிப் போகும். 4ஆம் எண் தூக்கியை இயக்கியவர் யார்? பலகையைப் பிரிக்கச் சொன்ன மேஸ்திரி யார்? நம்மூர் நாளிதழ்களில் இப்படிப்பட்ட செய்திகளின் கடைசி வரி, 'மேற்பார்வையாளர் மீது வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகிறார்கள்' என்றே முடியும். பெயர் கிடைத்ததும் கேள்வி நின்றுவிடுகிறது. அதில்தான் சிக்கல்.

வில்லோ ஐலண்டில் அன்று காலை மேஸ்திரி செய்தது அவர் முந்தைய நாளும் செய்த வேலை. அதற்கு முந்தைய நாளும் அதுவே. 27 அடுக்குகள் அதே ஆட்கள், அதே முறை, அதே வேகம், கோபுரம் நின்றது. ஒரு செயல் 27 முறை ஆளைக் கொல்லாமல் 28ஆவது முறை கொன்றது என்றால், அந்தச் செயலையோ அதைச் செய்தவரையோ மட்டும் காரணமாகச் சொல்வது விளக்கமே ஆகாது. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் எது மாறியது என்று சொல்ல வேண்டும். 'கவனக்குறைவு' என்ற சொல்லால் இதைச் சொல்ல முடியாது. கவனக்குறைவு இருந்திருந்தால் அது நேற்றும் இருந்திருக்கும். நல்ல விபத்து அறிக்கையைச் சோதிக்க எனக்குத் தெரிந்த சிறந்த கேள்வி இதுதான்: நேற்று ஏன் விழவில்லை என்பதற்கு இந்த அறிக்கையில் பதில் இருக்கிறதா?

அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு ஓஷா. விதி மீறப்பட்டதா, யாருக்கு அபராதம் என்பது அதன் வேலை. ஆனால் தொழில்நுட்பக் காரணத்தைக் கண்டுபிடிக்க அது தேசியத் தரநிலைப் பணியகத்தின் உதவியைக் கேட்டது. அளவுகோல்களையும் பொருள்களின் தன்மையையும் ஆராய்ந்துவந்த ஆய்வகம் அது; அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் இருக்கவில்லை. இந்தப் பிரிவினை முக்கியமானது. தண்டிக்கக்கூடியவர் கேட்டால் சாட்சி ஒரு மாதிரி பேசுவார். தண்டிக்க முடியாதவர் கேட்டால் வேறு மாதிரி பேசுவார். குற்றம் சாட்டாத அறிக்கை என்பது யாரும் பொறுப்பில்லை என்று சொல்லும் அறிக்கை அல்ல. பொறுப்பை நிர்ணயிக்கும் வேலையை வேறொரு மேசைக்கு விட்டுவிட்டு, உண்மையைத் தேடும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளும் அறிக்கை.

அறிக்கையின் முதல் பகுதி உண்மைகள். சுலபம் போலத் தோன்றும். எழுத உட்கார்ந்தால்தான் கஷ்டம் தெரியும். 'தூக்கி பழுதாகி விழுந்தது' என்று ஒருவர் சொன்னால் அதில் எவ்வளவு கண்டது, எவ்வளவு ஊகம்? தூக்கி விழுந்ததைக் கண்டார். பழுதானதை அவர் காணவில்லை. விழுந்ததால் பழுதாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தூக்கி விழுந்ததால் கான்கிரீட் உடைந்ததா, கான்கிரீட் உடைந்ததால் தூக்கி விழுந்ததா? இரண்டும் தரையிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு ஒரே காட்சிதான். அதனால் ஒழுங்காக எழுதப்பட்ட அறிக்கை ஒவ்வொரு வரிக்கும் அதன் பிறப்பிடத்தைச் சொல்லும்: இது சாட்சி கண்டது, இது அளந்தது, இது கணக்கிட்டது, இது நாங்களாக வைத்துக்கொண்ட அனுமானம். கம்பி தளர்ந்தது என்பது முதல் வகை. கோபுரம் 166 அடி என்பது இரண்டாவது வகை. விழுந்த வேளையில் 28ஆவது அடுக்கின் மேல் எவ்வளவு பாரம் இருந்தது என்பது மூன்றாவது வகை. இவற்றை ஒரே குரலில் எழுதிவிட்டால், பிறகு ஒரு வரி தவறென்று தெரியவரும்போது எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது காலவரிசை. இதில் எல்லோரும் செய்யும் பிழை, கடிகாரத்தை விபத்து நடந்த நேரத்துக்குப் பக்கத்தில் தொடங்குவது. காலை 7 மணி: வேலை தொடக்கம். 10 மணி: மூன்றாவது வாளி. அதன் பின் சரிவு. இப்படித் தொடங்கினால் அந்த மூன்று மணி நேரத்தில் அங்கே இருந்தவர்கள் மட்டுமே கதைக்குள் வருவார்கள். காரணமும் அவர்களுக்குள்ளேயே தேடப்படும். கடிகாரத்தை எங்கே தொடங்குகிறோம் என்பதே பாதித் தீர்ப்பு. வில்லோ ஐலண்ட் காலவரிசை முந்தைய நாள் கான்கிரீட் வார்த்த வேளையிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் நடுவில் ஒரு நீண்ட இடைவெளி தெரியும்: ஓர் இரவு. அந்த இரவில் கோபுரத்தின் மேல் யாரும் எதுவும் செய்யவில்லை. காலவரிசையில் யாரும் எதுவும் செய்யாத நேரத்தை எழுதுவது நமக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்த விபத்தின் முக்கால்வாசிக் காரணம் அந்த இரவுக்குள் இருந்தது. அது குளிர்ந்த இரவு. வார்த்ததிலிருந்து விழும் வரை 28ஆவது அடுக்கு இருந்த காற்றின் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கும் குறைவு.

குளிருக்கும் கான்கிரீட்டுக்கும் என்ன சம்பந்தம்? கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது காய்வதில்லை. சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிகேட் சேர்மங்கள் தண்ணீரோடு வேதிவினை புரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பின்னலை உண்டாக்குகின்றன. அந்தப் பின்னல்தான் மணலையும் ஜல்லியையும் கட்டிப்பிடிக்கிறது. கியூரிங் என்று நாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது இந்த வினை நின்றுவிடாமலிருக்கத்தான். பெரும்பாலான வேதிவினைகளைப் போல இதுவும் சூட்டில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் நடக்கும். மார்கழியில் உறை ஊற்றிய பால் காலையிலும் தண்ணீராகவே இருப்பது போலத்தான். நேரம் ஆகிவிட்டது, ஆனால் வேலை நடக்கவில்லை.

ஆக, 'ஒரு நாள் ஆன கான்கிரீட்' என்பதற்குப் பொருள் ஒன்றல்ல. இதை எண்ணாக்க ஓர் எளிய சூத்திரம் உண்டு. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனில் நர்ஸ், சால் என்ற இரண்டு ஆய்வாளர்களின் வேலையிலிருந்து வந்தது.

M = Σ (T − T₀) Δt

T என்பது கான்கிரீட்டின் வெப்பநிலை, Δt அந்த வெப்பநிலையில் கழிந்த நேரம், T₀ என்பது வினை நின்றுபோவதாக எடுத்துக்கொள்ளும் வெப்பநிலை. பழைய வழக்கப்படி அதை −10 டிகிரி என்று வைப்பார்கள். M தான் கான்கிரீட்டின் முதிர்ச்சி. வயதை நேரத்தால் மட்டும் அளக்காமல், நேரத்தையும் சூட்டையும் பெருக்கி அளக்கிறது இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோபுரத்தின் துல்லியமான அளவுகள் அல்ல, புரிவதற்காக மட்டும். 7 டிகிரியில் 20 மணி நேரம் இருந்த கான்கிரீட்டின் முதிர்ச்சி 17 × 20 = 340. அதே 20 மணி நேரம் 20 டிகிரியில் இருந்திருந்தால் 30 × 20 = 600. சென்னை வெயிலில் 30 டிகிரியில் இருந்திருந்தால் 800. குளிரில் 20 மணி நேரம் கழித்த கான்கிரீட், மிதமான வெப்பத்தில் 11 மணி நேரமே ஆன கான்கிரீட்டுக்குச் சமம். உண்மையில் நிலைமை இதைவிட மோசம். ஏனென்றால் முதல் சில மணி நேரம் கான்கிரீட் வெறும் கூழ். அது இறுகத் தொடங்கிய பிறகே வலிமை என்ற ஒன்று பிறக்கிறது. குளிர் அந்தத் தொடக்கத்தையே தள்ளிப்போடுகிறது. முதிர்ச்சி பாதியாகும்போது வலிமை பாதிக்கும் கீழே போய்விடும்.

இப்போது ஆய்வகத்துக்கு வருவோம். விழுந்த 28ஆவது அடுக்கை எடுத்து நசுக்கிப் பார்த்து வலிமையைச் சொல்லிவிட முடியாதா? முடியாது. அது இடிபாடாகக் கிடந்தது. மேலும், விழுந்த பிறகும் கான்கிரீட் முதிர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் கழித்து எடுத்த துண்டு, விபத்து நடந்த நிமிடத்தின் சாட்சி ஆகாது. அதனால் அந்த நிமிடத்தை மறுபடி உண்டாக்கினார்கள். கோபுரத்தில் பயன்படுத்திய அதே கலவையில் உருளைகள் வார்த்து, அந்த இரவின் குளிரில் வைத்து, அதே வயதில் நசுக்கிப் பார்த்தார்கள். கிடைத்த வலிமை சதுர அங்குலத்துக்குச் சுமார் 220 பவுண்டு. நமக்குப் பழகிய அளவில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 கிலோ.

இன்னொரு பக்கம், சாரமும் தூக்கியும் இழுத்த பாரத்தைத் தாங்க எவ்வளவு வலிமை வேண்டியிருந்தது என்று கணிப்பொறியில் கூட்டின் மாதிரியை வைத்துக் கணக்கிட்டார்கள். விடை சுமார் 1,000 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ. இருந்தது 15; வேண்டியது 70. நூலிழை வித்தியாசமல்ல இது.

எனக்கு இந்த விசாரணையில் பிடித்தது இதற்கு அடுத்த படி. கிடைத்த காரணம் பொருந்துகிறது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. மற்றவை பொருந்தவில்லை என்பதையும் காட்டினார்கள். தூக்கி அமைப்பின் பாகங்களையும், சாரத்தின் பாகங்களையும், பலகைகளைப் பிடித்திருந்த அமைப்பையும் ஆராய்ந்து, சரிவு இவற்றில் எதிலும் தொடங்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். கம்பி தளர்ந்ததைச் சாட்சி கண்டது உண்மை. ஆனால் அது விளைவு, தொடக்கமல்ல. நிற்கும் இடமே சரிந்தால் அங்கிருந்து இழுத்திருக்கும் கம்பி தளரத்தான் செய்யும். முதலில் வந்த சாட்சியத்தை மட்டும் வைத்து அறிக்கை எழுதியிருந்தால் தூக்கியின் மேல் பழி விழுந்திருக்கும். பிறகு எல்லாக் கட்டுமான இடங்களிலும் கம்பிகளை மாற்றியிருப்பார்கள். குளிர் இரவுகள் அப்படியே வந்து போயிருக்கும்.

அவர்கள் எழுதிய முடிவின் சாரம் இது: 28ஆவது அடுக்கின் கான்கிரீட் போதிய வலிமை பெறுவதற்கு முன் அதன் மேல் கட்டுமானப் பாரம் ஏற்றப்பட்டதே சரிவுக்கு மிகவும் சாத்தியமான காரணம். எழுவாயைக் கவனியுங்கள். கான்கிரீட் வலிமை பெறவில்லை; பாரம் ஏற்றப்பட்டது. யாருடைய பெயரும் வரவில்லை. 'மிகவும் சாத்தியமான' என்று அளந்து சொன்னதையும் கவனியுங்கள். செயப்பாட்டு வினையில் எழுதுவது பொறுப்பை மறைக்கும் தந்திரம் என்று சொல்வார்கள். அலுவலகக் கடிதங்களில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. இங்கே அது மறைக்கவில்லை. 15க்கும் 70க்கும் இடையில் உள்ள பள்ளம் எந்தப் பெயரையும்விடத் தெளிவாகக் கண்ணில் படுகிறது.

ஆனால் தொழில்நுட்பக் காரணம் என்பது ஒரு படிதான். கான்கிரீட் வலுவில்லாமல் இருந்தது சரி. அது வலுவில்லை என்று அன்று காலை ஒருவருக்கும் தெரியாமல் போனது எப்படி? அடுத்த படியில் கேட்க வேண்டியது இது. பதில் எளியது, கசப்பானது: பலகையைப் பிரிக்கும் முடிவு கடிகாரத்தைப் பார்த்து எடுக்கப்பட்டது, கான்கிரீட்டைப் பார்த்து அல்ல. நாளுக்கு ஓர் அடுக்கு என்ற வேகத்துக்கு 28ஆவது அடுக்கின் குளிர் தெரியாது. கான்கிரீட்டைக் கையால் தட்டிப் பார்த்தால் 15க்கும் 70க்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் கல் மாதிரிதான் இருக்கும். அந்த இடத்தில் நின்ற எந்த மேஸ்திரிக்கும் அவர் கண்ணும் கையும் சொன்னது 'இறுகிவிட்டது' என்பதே. அவரை மாற்றி இன்னொருவரை நிறுத்தியிருந்தாலும் பலகை பிரிக்கப்பட்டிருக்கும். ஆளை மாற்றினாலும் விளைவு மாறாது என்றால் காரணம் ஆளில் இல்லை.

இதை ஏற்றுக்கொள்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு உளவியலில் ஒரு விடை இருக்கிறது. 1975இல் பரூக் ஃபிஷாஃப் ஒரு சோதனையை வெளியிட்டார். 1814இல் தொடங்கிய ஆங்கிலேயர்-கூர்க்கா போரைப் பற்றி ஒரு குறிப்பைப் பலருக்கும் கொடுத்தார். சிலருக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு முடிவைச் சொன்னார். முடிவு தெரியாதவர்களைப் போலவே இருந்து ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு வாய்ப்பிருந்தது என்று மதிப்பிடச் சொன்னபோது, அவரவருக்குச் சொல்லப்பட்ட முடிவுக்கே அவர்கள் அதிக வாய்ப்புத் தந்தார்கள். முடிவு தெரிந்துவிட்டால், அது முன்பே தெரிந்திருக்கக்கூடியது போலவே நமக்குப் படுகிறது. விபத்து அறிக்கை எழுதுகிறவர் எப்போதும் முடிவு தெரிந்த பிறகே எழுதுகிறார். அதனால் 'கவனித்திருக்க வேண்டும்' என்று எழுதக் கை போகும்போதெல்லாம், கவனிக்க அங்கே என்ன இருந்தது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெப்பமானி இருந்ததா? நசுக்கிப் பார்க்க உருளை இருந்ததா? 'முடியாது' என்று சொல்லி வேலையை நிறுத்த யாருக்காவது அதிகாரம் இருந்ததா?

இதே கேள்விகள் சின்ன விபத்துக்கும் பொருந்தும். ஒரு சாயப்பட்டறையில் ஒருவர் ஈரத் தரையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரை தினமும்தான் ஈரம். நேற்று ஏன் விழவில்லை? விசாரித்தால், நேற்று வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பாதையில் இன்று மூட்டைகள் அடுக்கியிருந்ததால் வடிகால் ஓரமாகச் சுற்றிப் போனார் என்பது வரும். மூட்டை ஏன் அங்கே? கிடங்கு நிறைந்துவிட்டது. இப்போது திருத்த வேண்டியது கிடங்கு. அவருடைய செருப்பு அல்ல.

திருத்த நடவடிக்கை என்பதுதான் அறிக்கையின் கடைசிப் பகுதி. பெரும்பாலான அறிக்கைகள் சாகும் இடமும் இதுதான். 'தொழிலாளர்கள் இனி எச்சரிக்கையுடன் செயல்பட அறிவுறுத்தப்பட்டனர்' என்ற வரியை நானும் நீங்களும் எத்தனை கோப்புகளில் பார்த்திருப்போம்! அந்த வரியை வில்லோ ஐலண்டில் வைத்துப் பாருங்கள். 51 பேரும் மிகுந்த எச்சரிக்கையோடு அந்தச் சாரத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாதுகாப்புப் பட்டை கட்டியிருந்தால்? பட்டையின் மறுமுனையைச் சாரத்தில்தான் மாட்ட வேண்டும்; விழுந்ததே சாரம்தான். விழுகிறவரைப் பிடிக்கும் கருவி, விழாத ஒன்றில் மாட்டியிருந்தால்தான் பயன்படும். ஒரே ஏணிதான் மேலே போக, கீழே வர என்று இருந்ததும் பிறகு பேசப்பட்டது. பல ஏணிகள் இருக்க வேண்டியதுதான். ஆனால் சில நொடிகளில் உரிந்து விழும் சாரத்திலிருந்து எந்த ஏணியில் இறங்க முடியும்?

ஒரு நடவடிக்கை வலுவானதா என்று அறிய ஒரு வழி உண்டு. அன்று இருந்த அதே ஆட்கள், அதே அவசரம், அதே களைப்பு எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தால் விபத்து நின்றிருக்குமா? பலகையைப் பிரிப்பதற்கு முன், கோபுரத்தின் குளிரிலேயே வைத்த உருளையை நசுக்கிப் பார்த்து இவ்வளவு வலிமை வந்தால்தான் பிரிக்கலாம் என்று ஒரு படி இருந்திருந்தால் நின்றிருக்கும். 220 என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் எந்த மேஸ்திரியும் சாரத்தை ஏற்றச் சொல்லியிருக்க மாட்டார். அது மனிதரின் நல்ல குணத்தை நம்பியிருக்கும் நடவடிக்கை அல்ல.

வரலாறு அந்த வழியில்தான் போனது, மெதுவாக. தரநிலைப் பணியகம் முதிர்ச்சிக் கணக்கைத் தீவிரமாக ஆராய்ந்தது. 1987இல் அது ஏஎஸ்டிஎம் சி 1074 என்ற தரநிலையாக வந்தது; கான்கிரீட்டுக்குள் வெப்பமானியைப் பதித்து, வலிமையை அந்தந்த இடத்திலேயே கணிக்கும் முறை. அடுத்த ஆண்டு ஓஷா தன் கான்கிரீட் விதிகளைத் திருத்தியது. கான்கிரீட் தன் எடையையும் மேலே வரும் பாரத்தையும் தாங்கும் வலிமை பெற்றுவிட்டதை உறுதிசெய்யாமல் பலகைகளைப் பிரிக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. முதிர்ச்சி முறைக்கும் எல்லை உண்டு. அதே கலவைக்கு முன்கூட்டியே ஆய்வகத்தில் வரைகோடு போட்டு வைத்திருக்க வேண்டும். லாரியில் வந்த கலவையில் யாராவது தண்ணீரைக் கூட்டிவிட்டால் வெப்பமானிக்கு அது தெரியாது. சூடு சரியாக இருக்கும், வலிமை இருக்காது. அதனால் உருளையை நசுக்கும் சோதனையை அது முழுவதும் விலக்கிவிடவில்லை.

இன்னொரு உண்மையையும் இங்கே வைக்காவிட்டால் இந்த அத்தியாயம் பொய்யாகிவிடும். வில்லோ ஐலண்டுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1973 மார்ச் 2 அன்று, வர்ஜீனியா மாநிலத்தில் கட்டுமானத்தில் இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 14 தொழிலாளர்கள் இறந்தார்கள், 34 பேர் காயமடைந்தார்கள். அங்கும் இதே ஆய்வகம்தான் காரணத்தைத் தேடியது. தளத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த பலகைகளை உரிய காலத்துக்கு முன் பிரித்ததே காரணமாக இருக்கலாம் என்று கண்டது. அந்தத் தளத்தின் வயது நான்கு நாள். அந்த நாட்களின் சராசரி வெப்பநிலை சுமார் 7 டிகிரி. வார்த்தைக்கு வார்த்தை அதே பாடம். ஓர் அறிக்கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அது சொல்லும் நடவடிக்கையை இன்ன தேதிக்குள் இன்னார் விதியாக்க வேண்டும் என்று ஒட்டிவைக்காவிட்டால், அடுத்த கோபுரத்தின் மேஸ்திரி கைக்கு அது போய்ச் சேராது. குற்றம் சாட்டாத அறிக்கையில் பெயர்கள் வர வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: நடந்ததற்கு யார் என்றல்ல, இனி செய்ய வேண்டியதற்கு யார் என்று.

குற்றத்தை விசாரித்த மேசையில் என்ன நடந்தது? ஓஷா ஒப்பந்ததாரர்கள் மேல் 20 மீறல்களைச் சுமத்தியது. அவற்றில் பத்து, தெரிந்தே செய்தவை என்ற வகை. கடைசியில் 85 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆனது. இறந்த ஓர் உயிருக்கு 1,700 டாலர்கூட வரவில்லை. இந்தத் தொகை அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த 85 ஆயிரம் டாலர் எந்தச் சாரத்தையும் காப்பாற்றவில்லை. 15க்கும் 70க்கும் இடையில் உள்ள பள்ளத்தைக் காட்டிய அறிக்கைதான் விதிகளை மாற்றியது.

நம் நாட்டில் இதற்கான விதி ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலையில் இருக்கிறது. பலகை பிரிக்கும்போது கான்கிரீட்டின் மேல் வரும் தகைவைப் போல இரண்டு மடங்கு வலிமையாவது அது பெற்றிருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. பக்கப் பலகைக்கு 16 முதல் 24 மணி நேரம், நாலரை மீட்டர் வரையுள்ள தளத்தின் முட்டுகளுக்கு 7 நாள் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறது. அந்தக் கணக்கும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத இடங்களுக்கு, கியூரிங் சரியாக நடந்தால் மட்டுமே செல்லும். உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை இரவுகள் அந்த 15 டிகிரிக்கு வெகு கீழே போகும். அங்கே அந்த மாதங்களில் தளம் போடுகிறவர்கள் நாளை எண்ணி சென்ட்ரிங்கைப் பிரிக்க வேண்டாம். அதே கலவையில் கட்டி வார்த்து, தளத்தின் பக்கத்தில் அதே குளிரில் வைத்து, அதை உடைத்துப் பார்த்த பிறகு பிரியுங்கள்.